கோட்டுக்கு மேலே விழா, கீழே ஆட்கள்: ஒரு கலைவிழாவின் அடையாள வடிவமைப்பு

ஆண்டுக்கு ஒருமுறை, மூன்று இரவுகள் நடக்கும் கலைவிழா அது. இசை, நாடகம், நடனம் என்று இரவுக்கு நாலைந்து நிகழ்ச்சிகள். நடத்துகிறவர்கள் அத்தனை பேரும் தன்னார்வலர்கள்; பகலில் அவரவர் வேலை, சாயங்காலத்துக்கு மேல் விழா வேலை. குழுவில் ஏறக்குறைய பாதிப் பேர் ஒவ்வோர் ஆண்டும் மாறுவார்கள். போஸ்டர் செய்யும் பொறுப்பு, அந்த ஆண்டு யாரிடம் கணினியும் கொஞ்சம் பொறுமையும் இருக்கிறதோ அவர் தலையில் விழும்.

அவர்கள் என்னிடம் வந்தது ஒரு லோகோ கேட்டு. பழைய போஸ்டர்கள் இருந்தால் கொண்டுவாருங்கள் என்றேன். ஆறு கிடைத்தன. அவற்றைத் தரையில் வரிசையாகப் பரப்பி, விழாவின் பெயர் இருந்த இடத்தை மட்டும் வெள்ளைத் தாளால் மூடினோம். பெயரை மூடியதும் ஆறும் ஆறு வெவ்வேறு விழாக்கள் ஆகிவிட்டன. அவற்றில் இரண்டு நிஜமாகவே நல்ல போஸ்டர்கள். எந்த வடிவமைப்பாளரும் தன் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூச்சப்பட மாட்டார். ஆனால் முந்தின ஆண்டு வந்து ரசித்துப் போன ஒருவர் இந்த ஆண்டுப் போஸ்டரைச் சுவரில் பார்த்து, படிக்காமலே "அட, நம்ம விழா வந்துடுச்சு" என்று சொல்ல அதில் எதுவுமே இல்லை.

டிக்கெட்டை அச்சகமே வடிவமைத்திருந்தது. அதற்கும் போஸ்டருக்கும் உறவில்லை. மேடைப் பின்திரை இன்னும் மோசம். நன்கொடையாளர்களின் லோகோக்கள் அடுக்கியதுபோக மிஞ்சிய இடத்தில் விழாவின் பெயர். புகைப்படங்களைப் புரட்டினால், பாடுகிறவரின் தலைக்குப் பின்னால் பெயரின் கடைசி மூன்று எழுத்து மட்டும் எட்டிப் பார்க்கும். ஆறு ஆண்டுப் படங்களில் விழாவின் பெயர் முழுதாகத் தெரிந்தது ஒரே படத்தில். அதுவும் மேடை காலியாக இருந்தபோது எடுத்தது.

இந்த நிலைமைக்கு லோகோ மருந்தில்லை. லோகோ ஒரு மூலையில் உட்காரும் பொருள். அடுத்த ஆண்டு வருகிறவர் அதை வேறு மூலையில், வேறு அளவில், வேறு வண்ணத்தில் வைப்பார். மீதி இடம் முழுக்க அவர் இஷ்டம். செயலாளரிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டது நியாயமான கேள்வி. "சரி தம்பி, அப்போ வருஷா வருஷம் ஒரே போஸ்டரையே தேதியை மட்டும் மாத்தி ஒட்டச் சொல்றீங்களா?"

இதில் இரண்டு பழைய வழிகள் உண்டு. 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்கு ஜெர்மன் வடிவமைப்பாளர் ஓட்ல் ஐஷர் தலைமையில் செய்தது ஒரு வழி. ஒரே எழுத்துரு, கணக்கிட்ட கட்டங்கள், தேர்ந்தெடுத்த சில வண்ணங்கள். போஸ்டர், டிக்கெட், பணியாளர் சீருடை வரை எல்லாம் அதற்குள் அடங்கும். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு முழு வடிவமைப்புக் குழு பல ஆண்டுகள் உட்கார்ந்து வேலை செய்தது. இன்னொரு வழி சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோ ஜாஸ் விழாவினுடையது: போஸ்டரை ஆண்டுக்கு ஒரு கலைஞரிடம் கொடுத்துவிடுவது. 1982இல் ழான் டாங்கெலி வரைந்தார், 1983இல் கீத் ஹாரிங். போஸ்டருக்குப் போஸ்டர் முகம் மாறும், மாறுவதே அடையாளமாகிவிடும். ஆனால் அதற்கு விழாவின் பெயர் ஏற்கெனவே ஊரறிந்ததாக இருக்க வேண்டும்.

எங்கள் விழாவுக்கு இரண்டுமே கட்டுப்படியாகாது. முதலாவதைக் காப்பாற்ற ஆள் இல்லை, இரண்டாவதற்குப் புகழ் இல்லை. அதோடு இங்கே ஒரு தனிச் சிக்கல்: அடுத்த ஆண்டு போஸ்டர் செய்யப்போகிறவர் இன்னும் குழுவில் சேரவே இல்லை. அவர் யார், அவருக்கு என்ன மென்பொருள் தெரியும், ரசனை எப்படி என்று எனக்குத் தெரியாது. அவரும் நான் எழுதிவைக்கும் நாற்பது பக்கக் கையேட்டைப் படிக்கமாட்டார். ஆகவே விதி ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். வாயால் சொன்னாலே புரிய வேண்டும்.

ஒரு பட்டை

கிடைத்த விதி இது. எந்தப் பரப்பாக இருந்தாலும் அதன் குறுக்கே ஒரு மஞ்சள் பட்டை ஓடும். பட்டைக்கு ஒரு பக்கம் கருநீலம். அங்கே விழாவின் பெயரும் அந்த ஆண்டுக்கான படமும். மறுபக்கத்தை நாங்கள் பூசவே மாட்டோம். அது ஆட்களுக்கான இடம்.

போஸ்டரில் பட்டைக்குக் கீழே வெள்ளைத் தாள். அதில் கலைஞர்களின் பெயர்கள். டிக்கெட்டில் பட்டைக்கு வலப்பக்கம் வெள்ளை. அதில் வந்திருப்பவரின் எண்ணும் நாளும். மேடையில் பட்டைக்குக் கீழே வெறும் கறுப்புத் துணி. அதன் முன்னால் ஆடுகிறவரும் பாடுகிறவரும். மேலே விழா, கீழே ஆட்கள். குழுவில் எல்லோரும் இப்போதும் இந்த நாலு வார்த்தையில்தான் அதைச் சொல்கிறார்கள்.

மாறாதவை: பட்டை, கருநீலம், மஞ்சள், எழுத்துரு. மாறுபவை: நீலத்தின் மேல் வரும் படமும், படத்துக்கு மட்டும் அந்த ஆண்டு பயன்படுத்தும் மூன்றாவது வண்ணமும். படத்தை யார் வேண்டுமானாலும் வரையலாம். ஓவியம், புகைப்படம், வெட்டி ஒட்டியது, எதுவானாலும் சரி. அது எவ்வளவு விநோதமாக இருந்தாலும் பட்டை அதைப் பிடித்து நிறுத்திக்கொள்ளும். பட்டையின் தடிமன் பரப்பின் நீண்ட பக்கத்தில் நாற்பதில் ஒரு பங்கு. ஏ2 போஸ்டரின் உயரம் 594 மில்லிமீட்டர். ஆகப் பட்டை சுமார் 15 மில்லிமீட்டர். இதைவிட மெலிந்தால் எதிர்வரிசைச் சுவரிலிருந்து பார்க்கும்போது அது அடிக்கோடாகத் தெரிகிறது, தடித்தால் கொடியாகிவிடுகிறது.

எழுத்துருவுக்கு முக்தா மலர். இது திறந்த உரிமத்தில் கிடைப்பதால் அடுத்த ஆண்டு வருகிறவர் எந்தக் கணினியிலும் காசு கொடுக்காமல் நிறுவிக்கொள்ளலாம். அதில் ஏழு தடிமன்கள் உண்டு. நாங்கள் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மீதி ஐந்தைத் தொகுப்பிலிருந்தே எடுத்துவிட்டோம். இருந்தால் யாராவது பயன்படுத்துவார்கள்.

போஸ்டர்

பட்டை மேலிருந்து மூன்றில் இரண்டு பங்கில் விழும்: ஏ2 தாளில் 396 மில்லிமீட்டரில், ஏ3 தாளில் 280 மில்லிமீட்டரில். ஏ வரிசைத் தாள்கள் எல்லாம் ஒரே விகிதம் என்பதால் ஒரே ஃபைல் இரண்டுக்கும் போதும்.

கீழ்ப்பகுதியை வெள்ளையாக விட்டதில் முதலில் யாரும் பேசாத ஒரு லாபம் இருந்தது. தன்னார்வலர் விழாக்களில் நிகழ்ச்சி நிரல் கடைசி வாரம் வரை மாறிக்கொண்டே இருக்கும். ஒருவருக்குத் தொண்டை கட்டும், ஒரு குழுவுக்கு வண்டி கிடைக்காது. முழுப் போஸ்டரும் ஒரே ஓட்டத்தில் அச்சாகும் என்றால், நிரல் உறுதியாகும் வரை எதுவும் சுவரேற முடியாது. இப்போது நீலமும் படமும் பட்டையும் நான்கு வண்ணத்தில் முன்கூட்டியே அச்சாகிவிடுகின்றன. அந்தக் காலிப் போஸ்டர்களில் ஒரு பகுதி அப்படியே போய்ச் சுவரில் ஒட்டப்படும். விழா வருகிறது, பெயர்கள் வரும் என்று அதுவே சொல்லிவிடும். மீதியை அச்சகத்தில் வைத்திருந்து, நிரல் முடிவானதும் கறுப்பு மை மட்டும் ஒரு தடவை ஓட்டினால் போதும். பெயர் மாறினால் மாறுவது ஒரு பிளேட். ஏ3 தாள்களைக் குறைந்த எண்ணிக்கையில் லேசர் பிரிண்டரிலேயே போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஆஃப்செட் மை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பிரிண்டரின் உள்ளே டோனரை உருக்கும் உருளை சூடானது, காயாத நீலம் அதில் ஒட்டி அடுத்த தாளின் வெள்ளையில் பேய் மாதிரி பதியும். மை எந்த வகை என்று அச்சகத்தில் கேட்டு, ஒரு தாளை முதலில் ஓட்டிப் பார்ப்பது நல்லது.

நீலமும் மஞ்சளும் தொடும் இடத்தில் அச்சு அரை மயிரிழை விலகினாலும் நடுவில் வெள்ளைக் கீற்று எட்டிப் பார்க்கும். அதனால் மஞ்சளை நீலத்தின் அடியில் கொஞ்சம் நீட்டி, நீலத்தை அதன் மேல் ஓவர்பிரிண்டாக வைத்திருக்கிறோம். கருநீலத்தின் அடியில் மஞ்சள் இருப்பது கண்ணுக்குத் தெரியாது.

தமிழ் எழுத்துக்கு வருகிறேன். பெயர்கள் நீளமானவை. இடம் போதாவிட்டால் பழக்கம் இல்லாதவர்கள் முதலில் செய்வது எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்குவது. தமிழ் எழுத்தின் சுழிகள் நசுங்கினால் உடனே அடைத்துக்கொள்ளும். ண, ன, ணை எல்லாம் சில அடி தள்ளி நின்று பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும். வரியை உடைத்து இரண்டாவது வரிக்குக் கொண்டுபோகலாம், நசுக்கக் கூடாது. வரி இடைவெளி எழுத்தளவில் ஒன்றரை மடங்குக்குக் கிட்டத்தட்ட இருக்க வேண்டும். மேல்வரியின் ‘ழு’வின் வால் கீழ்வரியின் ‘கீ’யின் கொண்டையில் முட்டுவதை நிறையப் போஸ்டர்களில் பார்க்கலாம்.

இன்னொன்று, அச்சகத்துக்குப் போகும் ஃபைலில் எழுத்துகளை வடிவங்களாக மாற்றிவிட வேண்டும். சில அச்சகங்களின் பழைய மென்பொருள் யூனிகோட் தமிழைச் சரியாகக் கோக்காது. ‘கொ’ என்று அனுப்பியது ஒற்றைக்கொம்பு இடம் மாறி, கால் தனியாக நின்று அச்சாகி வரும். கம்ப்யூட்டர் திரையில் சரியாக இருந்ததே என்று அப்புறம் சண்டை போட்டுப் பயனில்லை.

டிக்கெட்

டிக்கெட் 150 × 60 மில்லிமீட்டர். போஸ்டரைப் படுக்க வைத்த மாதிரி: இடப்பக்கம் நீலமும் படமும், 100 மில்லிமீட்டரில் செங்குத்தாக மஞ்சள் பட்டை, வலப்பக்கம் வெள்ளை அடிக்கட்டை. கிழிக்கும் துளைக்கோடு பட்டையின் நடுவிலேயே ஓடுகிறது.

துளையிடும் எந்திரம் ஒவ்வொரு தாளிலும் சரியாக அதே இடத்தில் குத்தாது. ஒரு மில்லிமீட்டர் இப்படி அப்படி நகரும். இரண்டு வண்ணங்கள் சந்திக்கும் விளிம்பிலேயே துளைக்கோடு இருந்தால் அந்த ஒரு மில்லிமீட்டர் பளிச்சென்று பிழையாகத் தெரியும். பட்டை கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர் அகலம் என்பதால், துளை கொஞ்சம் விலகினாலும் கிழித்தபின் இரண்டு துண்டிலும் மஞ்சள் விளிம்பு மிஞ்சும். வந்தவர் கையில் படம் உள்ள துண்டு, வாசலில் நிற்பவர் கையில் அடிக்கட்டை. முதல் ஆண்டே நிறையப் பேர் தங்கள் துண்டைத் தூக்கிப் போடாமல் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அதை யாரும் திட்டமிடவில்லை.

அடிக்கட்டையில் கியூஆர் குறி. இதில் அழகைப் பார்க்காமல் கணக்கைப் பார்க்க வேண்டும். முதலில் டிக்கெட் பொறுப்பில் இருந்த தம்பி ஒரு முழு இணைய முகவரியைக் குறிக்குள் வைத்திருந்தார். சிறிய எழுத்துகளும் குறியீடுகளுமாக நாற்பது எழுத்து. பிழை தாங்கும் அளவை ‘Q’வில் வைத்தால் இதற்கு 33 × 33 கட்டங்கள் வேண்டும். குறியைச் சுற்றி நான்கு கட்ட அகலத்துக்கு வெற்றிடம் விடுவது விதி. அதையும் சேர்த்தால் ஒரு பக்கம் 41. எங்களிடம் இருந்த இடம் 29 மில்லிமீட்டர். ஒரு கட்டத்துக்கு 0.7 மில்லிமீட்டர்கூட முழுசாகத் தேறாதோ என்கிற நிலை. முகவரியை எடுத்துவிட்டு, பெரிய ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் கலந்த 12 எழுத்துக் குறியீட்டைப் போட்டோம். அது மிகச் சிறிய குறியிலேயே அடங்கியது: 21 கட்டங்கள், வெற்றிடத்தோடு 29. ஒரு கட்டத்துக்குச் சரியாக ஒரு மில்லிமீட்டர். இருட்டில், நடுங்கும் கையில், பழைய போனில் இந்த வித்தியாசம்தான் வரிசை நகர்வதையும் நிற்பதையும் தீர்மானிக்கிறது.

குறியை அந்த ஆண்டின் மூன்றாவது வண்ணமான சிவப்பில் அச்சிடலாமே என்று ஒரு யோசனை வந்தது. போன் கேமரா பெரும்பாலும் படித்துவிடும். ஆனால் சிவப்பு வெளிச்சம் அடிக்கும் கையடக்க ஸ்கேனருக்குச் சிவப்பு மையும் வெள்ளைத் தாளும் ஒன்றுதான். குறியே இல்லாத மாதிரி தெரியும். நீலத்தின் மேல் வெள்ளைக் குறி என்று தலைகீழாகப் போட்டாலும் சில ஸ்கேனர்கள் மறுத்துவிடும். ஆக, குறி எப்போதும் வெள்ளையில் கறுப்பு. பட்டைக்கு வலப்பக்கம் பூசாமல் விட்டதன் பயன் இங்கேயும் வந்தது.

மூன்று இரவுக்கும் மூன்று வண்ண டிக்கெட் என்பது பழைய ஏற்பாடு. அதைக் கைவிட்டோம். வாசலில் எரியும் மஞ்சள் சோடியம் விளக்கில் ஆரஞ்சும் இளஞ்சிவப்பும் ஒரே அழுக்கு நிறம். வண்ணக்குறை உள்ள கண்ணுக்கு எந்த விளக்கிலும் சிக்கல். அதற்குப் பதில் 1, 2, 3 என்று 18 மில்லிமீட்டர் உயர எண், இரண்டு துண்டிலும். வாசலில் நிற்பவர் டிக்கெட்டைக் கையில் வாங்காமலே இன்றைக்கானதா என்று பார்த்துவிடலாம். இணையம் நின்றுபோன ஒரு இரவில் குறியை ஸ்கேன் செய்ய முடியாமல், எண்ணைப் பார்த்துக் கிழித்து வாங்கிக்கொண்டே இருந்தார்கள், வரிசை நிற்கவில்லை. இரவு முடிந்ததும் அடிக்கட்டைகளைக் குறியீட்டோடு ஒப்பிட்டுக் கணக்கு எடுத்தார்கள்.

மேடை

மேடைக்கு வந்ததும் மூன்றில் இரண்டு பங்கு என்ற விகிதம் உடைந்தது. பின்திரை 10 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம். போஸ்டர் கணக்குப்படி பட்டை தரையிலிருந்து 1.67 மீட்டரில் வர வேண்டும். அதாவது பாடுகிறவரின் மூக்குக்கு நேராக, காதுக்குக் காது மஞ்சள் பட்டை.

அதனால் கீழிருந்து கணக்குப் போட்டோம். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டரில் இருக்கும். மேடையின் உயரமும் 1.2 மீட்டர். ஆகக் கண் மேடைத் தளத்தின் மட்டத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். 8 மீட்டர் தள்ளி 1.7 மீட்டர் உயரமுள்ள ஒருவர் நிற்கிறார். அவருக்கு 3 மீட்டர் பின்னால் திரை. கண்ணிலிருந்து அவர் உச்சந்தலையைத் தொட்டுப் போகும் கோடு திரையில் எங்கே படும்? 1.7 × 11 ÷ 8, அதாவது 2.34 மீட்டரில். அவர் உயரத்தைவிட அரை மீட்டருக்கும் மேல். கீழிருந்து பார்ப்பதால் ஆள் திரையில் தன்னைவிட உயரமாக விழுகிறார். பழைய புகைப்படங்களில் பெயர் மறைந்ததற்குக் காரணம் இதுதான். மேடையில் நின்று பார்த்தபோது எழுத்துகள் தலைக்கு மேலே தெளிவாகத்தான் இருந்திருக்கும்.

பட்டையை 2.4 மீட்டரில் வைத்தோம். 20 மீட்டர் தள்ளி உட்காருகிறவருக்கு அதே தலை 2 மீட்டருக்குக் கீழேயே முடிந்துவிடும், அவருக்குப் பட்டை முழுசாகத் தெரியும். முதல் வரிசைக்காரருக்கு ஆள் பட்டையைத் தாண்டுவார்; பரவாயில்லை, முதல் வரிசையில் யாரும் பின்திரையைப் படிப்பதில்லை. படம் எடுப்பவர்களை 8 மீட்டருக்கு அப்பால் நிறுத்தச் சொன்னோம். இதிலிருந்து விதியும் தெளிவானது: விகிதம் முக்கியமில்லை, கீழே ஆட்கள் என்பதுதான் முக்கியம். தாளில் மூன்றில் இரண்டு, மேடையில் தலைக்கு மேலே.

நன்கொடையாளர் லோகோக்கள் இதனால் பின்திரையிலிருந்து வெளியேற வேண்டியதாயிற்று. குழு பயந்தது இதற்குத்தான். லோகோக்களை மேடையின் இரு பக்கமும் தொங்கும் செங்குத்துத் துணிகளுக்கு மாற்றினோம். பெரிய தொகை கொடுத்தவர் ஒருவர் ஒப்பவில்லை. போன ஆண்டு தன் லோகோ நடுவில் இருந்தது என்றார். போன ஆண்டுப் படங்களையே அவரிடம் காட்டினோம். நடுவில் இருந்ததால் எல்லாப் படத்திலும் அது ஏதோ ஒரு மிருதங்கத்தின் பின்னால் இருந்தது. பக்கத் துணிக்குச் சம்மதித்துவிட்டார். போஸ்டரில் லோகோக்கள் வெள்ளையின் அடியில் ஒரே வரிசையாக, எல்லாம் கறுப்பில். அகலத்தைச் சமப்படுத்தாமல் பரப்பைச் சமப்படுத்தினோம். அகலத்தை ஒன்றாக்கினால் உருண்டை லோகோ நீள லோகோவைவிட மூன்று மடங்கு பெரிதாகத் தெரியும், போனும் வரும்.

துணியா பிளெக்ஸா என்றால் மேடைக்குத் துணிதான். பிளெக்ஸ் மினுங்கும், முன்விளக்கு பட்டதும் திரையின் நடுவில் வெள்ளைத் திட்டு ஒன்று எரியும், அதற்குள் என்ன எழுதியிருந்தாலும் போச்சு. மேலே நீலத் துணி, நடுவில் மஞ்சள் துணியைத் தைத்து இணைத்த பட்டை, கீழே மினுக்கமில்லாத கறுப்பு. நீலமும் மஞ்சளும் ஆண்டு மாறாததால் இந்தத் துணி மடித்து வைக்கப்பட்டு அடுத்த ஆண்டும் வருகிறது. அந்த ஆண்டின் படத்தை மட்டும் தனித் துணியில் அச்சிட்டு நீலத்தின் மேல் கட்டிக்கொள்கிறார்கள்.

அப்புறம் விளக்கு. பகலில் திரையைக் கட்டிப் பார்த்து எல்லோருக்கும் திருப்தி. இரவு விளக்குக்காரர் ஒத்திகையில் நீல விளக்கைப் போட்டார். மஞ்சள் பட்டை காணாமல் போனது. மஞ்சள் சாயம் நீல ஒளியை விழுங்கிவிடும். திருப்பி அனுப்ப அதில் எதுவும் மிஞ்சாது. அதனால் நீல விளக்கில் மஞ்சள் கறுப்பாகிறது, அடியில் உள்ள கறுப்போடு சேர்ந்துவிடுகிறது. ஆரஞ்சு விளக்கில் நேர்மாறு: பட்டை ஜொலிக்கும், கருநீலம் கறுத்துவிடும். பெயரை மட்டும் வெள்ளையில் வைத்திருந்ததால் எந்த விளக்கிலும் அது தப்பியது. வெள்ளை, தன் மேல் விழும் எந்த நிறத்தையும் திருப்பிக் காட்டும்.

பட்டையைக் காப்பாற்ற, ஒளியின் விளிம்பைத் தகட்டால் வெட்டும் ஷட்டர் உள்ள புரொஃபைல் விளக்குகள் இரண்டைத் திரையின் மேல்பாதிக்கென்றே ஒதுக்கினோம். ஷட்டரைப் பட்டையின் கீழ்விளிம்பில் வெட்டி வைத்தால் வெளிச்சம் ஆட்கள் மேல் சிந்தாது. அவற்றில் எப்போதும் மெல்லிய வெள்ளை. காட்சிக்கு ஏற்ப மாறும் வண்ண விளக்குகளோடு சேராது. "இது ரெண்டையும் நான் தொடக் கூடாது, அவ்வளவுதானே?" என்றார் விளக்குக்காரர். அவ்வளவுதான். ஒரே ஒரு விதிவிலக்கு வைத்தோம்: நாடகத்தில் மேடை முழு இருட்டாக வேண்டிய இடங்களில் அவையும் அணையும்.

அடுத்த ஆண்டு புதுக் குழு வாடகைக்கு எல்இடி திரை பிடித்தது. 6 × 3 மீட்டர், புள்ளிகளுக்கு நடுவே 3.9 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள வகை. அரை மீட்டர் பலகைக்கு 128 புள்ளி. ஆகத் திரை முழுக்க 1536 × 768. வீடியோ செய்த தம்பி வழக்கமான 1920 × 1080இல் அனுப்பியிருந்தார். ஒன்றின் விகிதம் 2:1, மற்றதினுடையது 16:9. திரையை நிரப்ப மேலும் கீழும் வெட்டியதில் பட்டை இடம் மாறி விழுந்தது. திரையின் அடிவிளிம்பு மேடைத் தளத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் தொங்குகிறது என்பதையும் சேர்த்துத்தான் பட்டையின் இடத்தைக் கணக்கிட வேண்டும். அவர்கள் திரை 1 மீட்டர் உயரத்தில் தொங்கியது. தளத்திலிருந்து 2.4 என்றால் திரையின் அடியிலிருந்து 1.4 மீட்டர், புள்ளிக் கணக்கில் கீழிருந்து சுமார் 358. இந்த எண்ணைக் கொடுத்ததும் ஐந்து நிமிடத்தில் திருத்திவிட்டார்.

எல்இடியில் இன்னொரு தொல்லை, திரையே விளக்கு. மேல்பாதியைப் பிரகாசமாக விட்டால் முன்னால் நிற்பவர் நிழலுருவம் ஆகிவிடுவார். படங்களில் முகம் கறுத்து, கேமராவில் புள்ளி வரிசைகள் அலையலையாக நெளிந்தால் வெளிச்சமும் அதிகம், கேமராவின் குவியமும் திரை மேலேயே விழுகிறது என்று அர்த்தம். வெளிச்சத்தை முகம் தெரியும் வரை குறைத்துக்கொண்டே போனார்கள். கடைசியில் முழு அளவில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே நின்றது. கீழ்ப்பாதி முழுக் கறுப்பு, அங்கே எதுவும் அசையக் கூடாது.

கைமாறுதல்

புதுக் குழுவுக்குக் கொடுத்தது ஒரே பக்கத் தாளும் ஒரு ஃபோல்டரும். தாளில் மூன்று சின்னப் படங்கள்: போஸ்டர், டிக்கெட், மேடை. மூன்றிலும் பட்டை, அதன் அளவு, ‘மேலே விழா, கீழே ஆட்கள்’. ஃபோல்டரில் ஃபைல்கள் இங்க்ஸ்கேப்பில் திறக்கும் எஸ்விஜி வடிவில் இருக்கின்றன. அது இலவசம், தமிழையும் சரியாகக் கோக்கும். பட்டையும் நீலமும் பூட்டிய லேயரில். படமும் பெயர்களும் திறந்த லேயரில். பூட்டை யாரும் உடைக்கலாம். உடைக்க வேண்டும் என்று தோன்றுவதற்குள் ஒரு நொடி யோசிப்பார்கள், அதற்குத்தான் பூட்டு. ஃபைல்களும் இணையக் கணக்கும் தனி ஆளின் மின்னஞ்சலில் இல்லாமல் விழாவின் பெயரிலேயே உள்ளன. முன்பு ஆறு ஆண்டு ஃபைல்கள் தொலைந்தது அந்த ஓட்டை வழியாகத்தான்.

மூன்றாவது ஆண்டுப் போஸ்டரை நான் சுவரில்தான் முதலில் பார்த்தேன். யாரோ படத்தின் ஒரு கையைப் பட்டைக்கு மேலிருந்து கீழே வெள்ளைக்குள் நீட்டியிருந்தார்கள். விதிப்படி தப்பு, பார்க்க நன்றாக இருந்தது. கறுப்புப் பெயர்களோடு மோதாத வரை அனுமதிக்கலாம் என்று ஒரு வரியைத் தாளில் சேர்த்தோம். பழைய ஆறையும் புதிய மூன்றையும் பரப்பி மறுபடி பெயரை மூடிப் பார்த்தபோது புதிய மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாகத் தெரிந்தன.

சரியாக வராதது சதுரப் படங்கள். போனில் பகிரும் சதுரத்தில் பட்டையை மூன்றில் இரண்டில் வைத்தால் கீழே நீளப் பெயர் ஒன்றுக்கும் மேல் இடமில்லை. பாதியில் வைத்தால் படம் திணறுகிறது. இப்போதைக்கு ஒரு சதுரத்துக்கு ஒரு கலைஞர் என்று வைத்திருக்கிறார்கள். அதனால் எண்ணிக்கை கூடி, அதைச் செய்கிறவருக்கு வேலை இரட்டிப்பு.

வரும் ஆண்டு மைதானம் கிடைக்காமல் உள்ளரங்குக்கு மாறுகிறார்கள். மேடைத் தளத்திலிருந்து கூரைக்கு 3 மீட்டர்தான். பட்டையை 2.4 மீட்டரில் வைத்தால் மேலே மிஞ்சுவது 60 சென்டிமீட்டர். அதற்குள் பெயர் மட்டும் ஒரு வரியாக அடங்கும், படத்துக்கு இடமில்லை. படத்தைப் பக்கத் துணிகளுக்கு மாற்றினால் லோகோக்கள் எங்கே போகும் என்று குழு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. அரங்க வாசலின் இரு தூண்களை அளந்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.